வரி வழக்கைச் சமரசத்தில் முடிக்கலாமா?

2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையிலிருந்த நோட்டுகளை வங்கியில் கட்டிய சிறு வியாபாரிகள் பலருக்கு அது அதோடு முடியவில்லை. “இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?” என்று வருமான வரித் துறை கேட்டது. பதில் திருப்தியாக இல்லாத இடங்களில் 2019 டிசம்பர் கடைசியில் மதிப்பீட்டு ஆணைகள் வந்தன. அந்த ஆண்டுக் கணக்குகளை முடிக்க அதிகாரிகளுக்கு இருந்த கெடு டிசம்பர் 31. ஆணை கிடைத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்தவர்களில் பலருடைய மனு, ஐந்து ஆண்டு கழிந்த பிறகும் முதல் படியான ஆணையரிடமே தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போது வந்ததுதான் ‘விவாத் சே விஷ்வாஸ் 2024’ என்ற சமரசத் திட்டம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் அறிவித்து, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2025 ஏப்ரல் 30 அன்று மூடினார்கள். நேரடி வரி வழக்குகளுக்கு இப்படிப்பட்ட திட்டம் 1998, 2016, 2020 ஆகிய ஆண்டுகளிலும் வந்திருக்கிறது. இது முடிந்துவிட்டாலும், இதில் சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போட வேண்டியிருந்த கணக்கு, அடுத்த திட்டம் வந்தாலும் பெரிதாக மாறாது. அதனால் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தத் திட்டத்தில் தள்ளுபடி ஆவது வட்டியும் அபராதமும்தான். வழக்கில் இருக்கும் வரியை முழுதாகக் கட்ட வேண்டும், சிலர் அதற்கு மேலும் கட்ட வேண்டும். “அரசாங்கம் பாதியில் முடித்துக்கொள்கிறதாம்” என்று கடைவீதியில் பேசிக்கொண்டதை நம்பி ஆடிட்டரிடம் போனவர்கள் பலர். பாதித் தொகை என்பது உண்மைதான், ஆனால் துறையே மேல்முறையீடு செய்திருந்த வழக்குகளுக்கும், அதே பிரச்சினையில் அதே மனிதர் தீர்ப்பாயத்திலோ உயர் நீதிமன்றத்திலோ ஏற்கெனவே ஜெயித்திருந்த வழக்குகளுக்கும் மட்டும்தான் அது. வேறொருவர் ஜெயித்த தீர்ப்பைக் காட்டிப் பாதியாகக் குறைக்க முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்காக நான் அமைத்த கடை இது. ஆனால் இப்படிப்பட்ட கோப்பு எந்த ஊர் ஆடிட்டர் அலுவலகத்திலும் இருக்கும். கடைக்காரர் 2016 நவம்பரில் 18 லட்சம் ரூபாய் ரொக்கம் கட்டினார். அதிகாரி 8 லட்சத்தை விற்பனைப் பணம் என்று ஏற்றுக்கொண்டு, மீதி 10 லட்சத்தைக் கணக்கில் வராத பணம் என்று சேர்த்துவிட்டார். இப்படிச் சேர்க்கும் தொகைக்குச் சாதாரண வரி விகிதம் கிடையாது. வருமான வரிச் சட்டம் 115பிபிஇ பிரிவின்படி 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீதக் கூடுதல் வரி, கல்வி வரி எல்லாம் சேர்ந்து அந்த ஆண்டுக்கு 77.25 சதவீதம். ஆக வரி மட்டும் 7,72,500 ரூபாய். முன்கூட்டி வரி கட்டாததற்காக 2017 ஏப்ரல் முதல் ஆணை வந்த மாதம் வரை மாதம் ஒரு சதவீதம் வட்டி போட்டதில் 2,54,925 ரூபாய். கேட்புத் தொகை மொத்தம் 10,27,425.

மேல்முறையீடு முடியும்வரை வசூலை நிறுத்தி வைக்க வழக்கமாக இருபது சதவீதம் கட்டச் சொல்வார்கள். அதன்படி அவர் 2,05,485 ரூபாய் கட்டி ஸ்டே வாங்கிவிட்டார். பல பேர் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். ஸ்டே வசூலை நிறுத்தும், வட்டியை நிறுத்தாது. மீதமுள்ள 8,21,940 ரூபாய்க்கு மாதம் ஒரு சதவீதம், அதாவது மாதந்தோறும் 8,219 ரூபாய் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஐந்து ஆண்டில் அது ஏறத்தாழ 4,93,000 ஆகிவிடும். வழக்கு முழுதாகத் தோற்றால் வரி, இரண்டு வட்டிகள், 60,000 ரூபாய் அபராதம் எல்லாம் சேர்ந்து, முன்பு கட்டியதையும் உள்ளடக்கி, சுமார் 15,80,000 ரூபாய் போகும். வழக்கு இன்னும் ஓராண்டு நீண்டால் அதன்மேல் மேலும் ஒரு லட்சம்.

திட்டத்தில் சேர்ந்திருந்தால்? இதற்குப் பதில் மனு தாக்கலான தேதியில் இருக்கிறது. 2020 ஜனவரி 31 அன்றோ அதற்கு முன்போ மேல்முறையீடு செய்து, இன்னும் அதே படியில் நிற்பவர் ‘பழைய மேல்முறையீட்டாளர்’. 2020-ல் வந்த முந்தைய திட்டத்தில் சேராமல் விட்டவர் என்பதால் அவருக்குப் பத்து சதவீதம் கூடுதல். ஆகவே இந்தக் கடைக்காரர் 2020 ஜனவரி 25-ல் மனு போட்டிருந்தால், 2025 ஜனவரி 31 வரை வரியில் 110 சதவீதம், அதன் பிறகு 120 சதவீதம். ஆணை தாமதமாகக் கைக்கு வந்து பிப்ரவரி முதல் வாரத்தில் போட்டிருந்தால் 100 சதவீதம், கெடு தாண்டினால் 110. சில நாள் வித்தியாசத்தில் இவருக்கு 77,250 ரூபாய் மாறுகிறது. மனுவின் ஒப்புகைச் சீட்டைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்க்காமல் எந்தக் கணக்கும் போடக் கூடாது.

இவர் பழையவர் என்றே வைத்துக்கொண்டால், கட்ட வேண்டியது 8,49,750. முன்பு கட்டிய 2,05,485 கழியும். கையிலிருந்து புதிதாகப் போவது 6,44,265 ரூபாய். முழுத் தோல்வியில் 15.8 லட்சம், சமரசத்தில் 8.5 லட்சம். இந்த இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நிறையப் பேர் அப்படித்தான் போட்டார்கள். ஆனால் மூன்றாவதாக ஓர் எண் உண்டு. வழக்கு நடந்தால் உண்மையில் எவ்வளவு நிற்கும் என்பதுதான் அது. அதைக் கண்டுபிடிக்கக் கோப்பைப் பிரித்து உட்கார வேண்டும்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 29. நோட்டு செல்லாது என்று அறிவிப்பதற்குப் பத்து நாள் முன்பு. பாத்திரக்கடையோ ஜவுளிக்கடையோ, அந்த வாரம் கல்லாவில் ரொக்கம் நிறைந்திருப்பது இயல்பு. இதை வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். முக்கியமானது, நவம்பர் 8-க்கு முன்பே தாக்கல் செய்த மாதாந்திர வாட் ரிட்டர்ன். செப்டம்பர் மாத விற்பனையை அக்டோபரிலேயே வணிக வரித் துறைக்குக் காட்டியிருந்தால், பின்னால் ஜோடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்தது சரக்கு இருப்பு. விற்றதாகச் சொல்லும் அளவுக்குச் சரக்கு வாங்கியிருக்க வேண்டும், விற்ற பிறகு இருப்பு அதே அளவு குறைந்திருக்க வேண்டும். மூன்றாவது, முந்தைய ஆண்டு தீபாவளி மாத ரொக்க விற்பனை. 2015-ல் 9 லட்சம், 2016-ல் 11 லட்சம் என்றால் நம்பலாம். 3 லட்சம் திடீரென்று 14 லட்சமானால் மேல்முறையீட்டு ஆணையர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது.

கெட்ட அறிகுறிகளும் உண்டு. நவம்பருக்குப் பிறகு திருத்தித் தாக்கல் செய்த வாட் ரிட்டர்ன் அதில் முதலாவது. கணக்குப் புத்தகத்தில் அறிவிப்புக்கு முந்தைய சில நாட்களில் மட்டும் ரொக்க விற்பனை குவிந்திருப்பதும் அப்படித்தான். ‘உறவினரிடம் வாங்கிய கைமாற்று’ என்று விளக்கம் சொல்லிவிட்டு அந்த உறவினரின் வருமானத்துக்கு ஆதாரம் தராததும் சேரும். கோப்பில் இவை இருந்தால் வழக்கறிஞர் எவ்வளவு நம்பிக்கை கொடுத்தாலும் சமரசமே நல்லது.

அதிகாரி கணக்குப் புத்தகங்களை நிராகரித்தாரா என்பதையும் ஆணையில் தேடிப் பார்க்க வேண்டும். புத்தகங்களை ஏற்றுக்கொண்டு, அதில் விற்பனையாக எழுதி லாபத்துக்கு வரியும் கட்டிய பணத்தையே மறுபடி கணக்கில் வராத பணமென்று சேர்த்திருந்தால், அது ஒரே தொகைக்கு இரண்டு முறை வரி. தீர்ப்பாயங்களில் இந்த வாதத்துக்கு நல்ல மதிப்பு கிடைத்து வந்திருக்கிறது.

நம் பாத்திரக்கடைக்காரரிடம் வாட் ரிட்டர்னும் சரக்குப் பதிவேடும் சரியாக இருக்கின்றன, 3 லட்சத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 7 லட்சம் நீங்கி 3 லட்சம் நின்றால் வரி 2,31,750. ஐந்து ஆண்டு வட்டியும் அபராதமும் அதே விகிதத்தில் குறைந்துவிடும், முன்பு கட்டியதும் கழியும். எல்லாம் சேர்த்து அவர் செலவு 3,90,000-க்குள் முடிகிறது. சமரசத்தின் 8.5 லட்சத்தில் பாதிகூட இல்லை. முழுதாகத் தோற்றால் 15.8, இப்படிப் பாதி ஜெயித்தால் 3.9, சமரசம் செய்தால் 8.5. இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், முழுத் தோல்விக்கு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வாய்ப்பு இருந்தால் சமரசம் லாபம், அதற்குக் குறைவென்றால் வழக்கு லாபம். ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். “ஜெயிப்போமா சார்?” என்று கேட்டால் “ஜெயிக்கலாம்” என்றுதான் பதில் வரும். “இந்தப் பத்து லட்சத்தில் எவ்வளவு நிற்கும், எந்தக் காகிதத்தால் நிற்கும்?” என்று கேட்டால் அவரும் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

இந்த வழக்குகளில் சட்டப் பக்கமும் திட்டம் திறந்திருந்தபோதே நகர்ந்தது. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஸ்மைல் மைக்ரோஃபைனான்ஸ் வழக்கில், 60 சதவீத விகிதம் 2017 ஏப்ரல் 1 முதல் நடந்த பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் நடந்தவற்றுக்கு 30 சதவீதம்தான். 2016 நவம்பரில் கட்டிய ரொக்கத்துக்கு இது நேராகப் பொருந்தும். நம் கடைக்காரர் உண்மைகளில் முழுதாகத் தோற்று, இந்த விகிதத்தை மட்டும் பெற்றாலும், வரி 3,09,000 ஆகிவிடும். வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து 5,65,000 பக்கம்தான் வரும். அதுவும் சமரசத் தொகையைவிடக் குறைவு. அக்டோபரில் அவசரமாக விண்ணப்பித்துப் பணத்தையும் கட்டி முடித்தவருக்கு இந்தத் தீர்ப்பால் ஒரு பைசா திரும்பி வராது, ஏனென்றால் திட்டத்தில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. விண்ணப்பிக்காமல் ஜனவரி இறுதிவரை காத்திருந்தாலும் விகிதம் மாறியிருக்காது. குறைந்த விகிதத்துக்குக் கெடு இருந்தால் அந்தக் கெடுவரை முடிவைத் தள்ளிவைப்பது சோம்பேறித்தனம் அல்ல, தேவையான காரியம்.

ஆனால் ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு நிரந்தரம் அல்ல. துறை அதை மேலே கொண்டுபோகலாம், அங்கே மாறினால் பழைய 15.8 லட்சம் திரும்பி வரும். மனுவில் இந்தக் காரணத்தை முதலில் எழுதியிருக்காவிட்டால் கூடுதல் காரணமாகச் சேர்க்கவும் வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் காத்திருக்க வேண்டும்.

சிறிய வழக்குக்காரர்களுக்குச் சாதகமான இன்னொன்றை ஆலோசகர்கள்கூடச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஆணையரிடம் வரி செலுத்துவோர் ஜெயித்தால், துறை தீர்ப்பாயத்துக்குப் போக வழக்கின் வரித் தொகை 60 லட்சம் ரூபாயைத் தாண்ட வேண்டும். இந்த வரம்பை 2024 செப்டம்பரில் நேரடி வரிகள் வாரியம் உயர்த்தியது. உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பொதுவாக 7.7 லட்ச வரிக்காரர் முதல் படியில் ஜெயித்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். தோற்றால் அவருக்கு மேலே போக வழி திறந்திருக்கும், தீர்ப்பாயக் கட்டணமும் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். “இது பேரன் காலம்வரை இழுக்கும்” என்ற பயம் சிறிய தொகைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அதேபோல, துறை போட்ட மேல்முறையீடு 60 லட்சத்துக்குக் கீழே தீர்ப்பாயத்தில் கிடந்தால், பாதித் தொகை கட்டுவதற்கு முன், துறையே அதை வாபஸ் வாங்க வேண்டியதுதானா என்று கேட்டுப் பாருங்கள்.

வட்டி ஓடுவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அதை நிறுத்த வேறு வழியும் இருக்கிறது. மீதிக் கேட்புத் தொகையான 8,21,940 ரூபாயைக் கட்டிவிட்டு, மேல்முறையீட்டை அப்படியே தொடரலாம். மாதம் ஒரு சதவீத வட்டி அன்றோடு நிற்கும். ஜெயித்தால் பணம் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியோடு திரும்பி வரும். துறை நம்மிடம் வாங்குவது 12, தருவது 6 என்ற வித்தியாசம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் திட்டத்தில் 6.4 லட்சம் கட்டுவதற்குக் கையில் பணம் இருப்பவர், இன்னும் 1.8 லட்சம் புரட்ட முடியுமானால், உரிமையை விட்டுக்கொடுக்காமல் வட்டியை நிறுத்தலாம். கோப்பு பலமாக உள்ளவர்களுக்கு இது நல்ல வழி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சேருவது என்று முடிவெடுத்தவர்களுக்கும் படிகள் தெரிந்திருக்க வேண்டும். முதலில் வருமான வரி இணையதளத்தில் படிவம் 1. அதைப் பார்த்து, துறையின் நியமன அதிகாரி கட்ட வேண்டிய தொகையைக் குறித்துப் படிவம் 2 சான்றிதழ் தருவார். அது கிடைத்த 15 நாளுக்குள் முழுப் பணத்தையும் கட்டிப் படிவம் 3 மூலம் தெரிவிக்க வேண்டும். கடைசியில் வழக்கு தீர்ந்தது என்ற ஆணை படிவம் 4-ல் வரும். ஆணையரிடமோ தீர்ப்பாயத்திலோ இருக்கும் மனு, சான்றிதழ் வந்த நாளிலேயே வாபஸ் ஆனதாகக் கருதப்படும். உயர் நீதிமன்றத்தில் இருந்தால் நாமே வாபஸ் வாங்கி அத்தாட்சி தர வேண்டும்.

சிக்குவது அந்தப் பதினைந்து நாளில்தான். மனு வாபஸ் ஆகிவிட்டது, பணம் மட்டும் தயாராகவில்லை என்றால், வழக்கைத் திரும்ப உயிர்ப்பிக்க ஓடவேண்டி வரும். நகைக்கடனுக்கோ நிலத்தை விற்கவோ சான்றிதழ் வந்த பிறகு அலையக் கூடாது. பணம் வங்கியில் இருக்கும் நாளில்தான் படிவம் 1 போட வேண்டும். சான்றிதழ் வந்ததும் முன்பு கட்டிய தொகை கழிந்திருக்கிறதா என்று சலான்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மனுவில் நான்கு பிரச்சினை இருந்தால் நான்கையும் சேர்த்துத்தான் முடிக்க முடியும். தோற்கக்கூடியதை மட்டும் பொறுக்கிக் கொடுக்க முடியாது. சோதனை நடந்த வழக்குகளுக்கும் குற்ற வழக்குத் தொடரப்பட்ட ஆண்டுகளுக்கும் 2024 திட்டத்தில் இடமே இல்லை.

தயங்காமல் சேர்ந்திருக்க வேண்டியவர்களும் உண்டு. வரியை எப்போதோ கட்டிவிட்டு அபராதத்தை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்தவர்கள், அபராதத்தில் 25 அல்லது 30 சதவீதம் கட்டினால் போதும் என்று இருந்தது. அதை விட்டவர்கள் பெரிய வாய்ப்பை விட்டார்கள். கணக்குப் புத்தகமே இல்லாதவர்கள், ஆவணங்கள் வெள்ளத்தில் போனவர்கள், தொழிலைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வழக்கைக் கொடுக்க விரும்பாத முதியவர்கள் ஆகியோருக்கும் சமரசமே சரி. திட்டத்தில் சேர்ந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகுமே என்ற அச்சம் வேண்டாம். துறையின் நிலையை ஏற்றதாக ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

வாட் ரிட்டர்னும் சரக்குப் பதிவேடும் சரியாக வைத்திருந்த அந்தக் கும்பகோணம் பாத்திரக்கடைக்காரர் என்னிடம் கேட்டிருந்தால், சேர வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆதாரமில்லாத தொகை 3 லட்சத்துக்குப் பதில் 8 லட்சமாக இருந்திருந்து, மதுரைக் கிளையின் தீர்ப்பும் வந்திருக்காவிட்டால், ஜனவரி 31-க்குள் கட்டி முடியுங்கள் என்று சொல்லியிருப்பேன். அடுத்த திட்டம் எப்போது வந்தாலும், அதற்கு முன்பே உங்கள் மேல்முறையீட்டு ஒப்புகை, கேட்பு நோட்டீஸ், கட்டிய சலான்கள், அந்த ஆண்டின் ரிட்டர்ன்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இன்று தோற்றால் எவ்வளவு என்ற தொகையை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி அதன்மேல் வையுங்கள்.